வரிசையைக் கலைத்தால் ஆட்டம் வரும்

பள்ளி மைதானத்தில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் 16 பேர் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருவராக ஓடி வந்து கோலை நோக்கி அடித்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போகிறார்கள். ஒருவர் அடித்து முடிக்க 15 விநாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், மறுமுறை பந்து காலுக்கு வர நான்கு நிமிடம் காத்திருக்க வேண்டும். 20 நிமிடத்தில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஐந்தே உதைகள். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் டி லைசென்ஸ் வகுப்புக்கு வரும் புதிய பயிற்சியாளர்கள் முதலில் கைவிட வேண்டியது இந்த வரிசையைத்தான். ஆசியக் கூட்டமைப்பின் சி, பி, ஏ, ப்ரோ என்ற மேல்படிகளுக்குப் போவதற்கு முன் ஏற வேண்டிய படி இந்த டி லைசென்ஸ்.

வரிசைக்குப் பதிலாக வகுப்பில் காட்டப்படுபவற்றில் ஒன்று ரோண்டோ. நான்கு கோன் வைத்து ஒரு சதுரம் அமைக்க வேண்டும். பக்கத்துக்கு ஒருவராக நான்கு பேர் பந்தைக் கடத்த, நடுவில் நிற்கும் ஒருவர் பறிக்கப் பார்ப்பார். பறிகொடுத்தவர் நடுவுக்கு வருவார். 16 பேரை ஐந்து ஐந்தாகப் பிரித்தால் மூன்று சதுரம் போக ஒருவர் மிஞ்சுவார். அவரை வெளியே உட்கார வைக்காமல், ஒரு சதுரத்தைச் சற்றுப் பெரிதாக்கி அதில் இருவரை நடுவில் விடலாம்.

சதுரத்தின் பக்கம் எத்தனை மீட்டர் இருக்க வேண்டும்? எட்டு மீட்டரில் தொடங்குங்கள். அது சரியா என்பதை இரண்டு நிமிடம் பார்த்தாலே தெரியும். முதல் பாஸிலோ இரண்டாவதிலோ பந்து பறிபோய்க்கொண்டே இருந்தால் இடம் நெருக்கமாக இருக்கிறது. பத்துப் பாஸ் தாண்டியும் நடுவில் இருப்பவர் பந்தைத் தொடவில்லை, ஓடுவதையே நிறுத்திவிட்டார் என்றால் இடம் அதிகம். மூன்று நான்கு பாஸ் நடந்து, பிறகு ஒருமுறை பந்து பறிபோவது நல்ல அளவு. அப்போதுதான் இரு தரப்புக்கும் யோசிக்க வேலை இருக்கும்.

பயிற்சியை எளிதாக்கவோ கடினமாக்கவோ பயிற்சியாளர் கையில் இருப்பவை நான்கு: இடம், விதி, பொருள், ஆள் எண்ணிக்கை. கோனை ஒரு மீட்டர் தள்ளலாம்; இரண்டு தொடுதலுக்குள் பாஸ் தர வேண்டும் என்று விதி வைக்கலாம்; பந்தின் அளவை மாற்றலாம்; நடுவில் ஒருவரைக் கூட்டலாம். புதியவர்கள் பதற்றத்தில் இவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுகிறார்கள். பயிற்சி சரியானாலும் எது சரிசெய்தது என்று அப்போது தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் இடத்தை மாற்றுவதே நல்லது என்பேன். கோனை நகர்த்தினால் போதும், விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அளவு சரியான பின்பும் ஒரு தவறு திரும்பத் திரும்ப வரும். பந்தை வாங்க வேண்டியவர், நடுவில் இருப்பவரின் முதுகுக்குப் பின்னால் மறைந்து நிற்பார். கூட்டாளியால் அவரைப் பார்க்கவே முடியாது. விசில் ஊதி, எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்லுங்கள். பந்து வைத்திருப்பவரிடம், “உனக்கு யார் யார் தெரியறாங்கப்பா?” என்று கேளுங்கள். மறைந்து நின்ற பிள்ளையே இரண்டு அடி பக்கவாட்டில் நகர்ந்துவிடும். அங்கிருந்தே ஆட்டத்தைத் தொடருங்கள். இதற்கு அரை நிமிடம் போதும். ஒவ்வொரு தவறுக்கும் விசில் ஊதினால் ஆட்டமே நின்றுபோகும். ஒரு பயிற்சிக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் வேண்டாம்.

கடைசி 20 நிமிடம் ஆட்டம். மைதானத்தை இரண்டாக்கி, கோன்களே கோலாக, நாலுக்கு நாலு பேர் விடுங்கள். ரோண்டோவில் பக்கவாட்டில் நகர்ந்த பிள்ளை இங்கேயும் நகர்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். நகரவில்லை என்றால் பாடம் இன்னும் ஆட்டத்துக்குள் வரவில்லை. அடுத்த வாரமும் அதையே எடுக்க வேண்டும்.

வகுப்பில் எழுதித்தந்த திட்டத்தை அப்படியே மைதானத்துக்குக் கொண்டுபோவதில் ஒரு சிக்கல் உண்டு. வகுப்பில் நீங்கள் பயிற்சி கொடுத்துப் பழகியது உடன் படிக்கும் பயிற்சியாளர்களுக்கு. ஒரு முறை சொன்னால் புரிந்துகொள்ளும், ஆடத் தெரிந்த பெரியவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பொருந்திய சதுரமும் விதியும் ஒன்பது வயதுக்குப் பொருந்தாது. விளக்கத்தைக் குறைத்து, ஒரு பிள்ளையை வைத்துச் செய்து காட்டிவிட்டு உடனே தொடங்குங்கள். ஒவ்வொரு நாளும் சதுரத்தின் அளவையும், எதை மாற்றினீர்கள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சில வாரங்களில் உங்கள் பிள்ளைகளுக்கான அளவுகள் அந்த நோட்டிலேயே கிடைத்துவிடும்.