விளம்பரம் பார்ப்பதும் பார்க்காததும் உங்க இஷ்டம்: 'கிராஸி ரோடு' சம்பாதித்தது எப்படி?

ஃப்ரீ கேம்ல அவுட் ஆன அடுத்த நொடியே விளம்பரம் வந்து ஸ்கிரீனை அடைச்சுக்கும். 2014-ல் ஆஸ்திரேலியாவின் ஹிப்ஸ்டர் வேல் நிறுவனம் வெளியிட்ட 'கிராஸி ரோடு' அந்த வழிக்கே போகவில்லை.

ஒரு கோழியை ரோடு கடக்க வைக்கணும், அவ்வளவுதான் ஆட்டம். 100 காயின் சேர்ந்தால் பரிசு மெஷினில் போட்டு ஒரு கேரக்டரை எடுக்கலாம். காயின் பத்தலையா? விளம்பர வீடியோ பார்த்தால் கொஞ்சம் காயின் கிடைக்கும். வேண்டாம் என்றால் விளையாடியே சேர்க்கலாம். மெஷினில் ஏற்கெனவே வைத்திருக்கும் கேரக்டரே திரும்ப வரும்போது கடுப்பாகும்தான். ஆனால் பிடித்ததை நேரடியாகக் காசு கொடுத்தும் வாங்கலாம். முக்கியமாக, காசு கொடுத்தவருக்கு ரோடு கடப்பது எளிதாகிவிடாது.

முதல் மூன்று மாதத்தில் வருமானம் சுமார் 1 கோடி டாலர். அதில் சுமார் 30 லட்சம் இந்த வீடியோக்களில் இருந்து வந்தது.

ஆனால் அப்போது டவுன்லோடு 5 கோடி. சில ஆயிரம் பேர் ஆடும் கேமுக்கு இதே முறையில் டீ செலவுக்குத்தான் வரும். அதனால்தான் பலர் கட்டாய விளம்பரத்துக்குத் தாவுகிறார்கள்.

அப்படித் தாவும் முன் ஒரு சோதனை செய்யலாம். புதிதாக வருபவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் கட்டாய விளம்பரம் காட்டி, ஏழாவது நாள் இரண்டு பக்கத்திலும் எத்தனை பேர் மிச்சம் என்று பார்க்கணும். முதல் நாள் வருமானம் ஏறி, ஏழாவது நாள் ஆட்கள் குறைந்திருந்தால், அடுத்த வார வருமானத்தையும் இப்போதே செலவழித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.