மனைக் கடனுக்கு வங்கி ஏன் தயங்குகிறது?

செங்கல்பட்டுக்கு வெளியே அரை கிரவுண்டு மனை, அதாவது 1,200 சதுர அடி, 30 லட்சம் ரூபாய்க்குப் பேசி முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே அரசின் வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 1,200 ரூபாய்தான். "பத்திரத்தில் 14 லட்சத்து 40 ஆயிரம் போட்டுக்கலாம், மீதியை ரொக்கமாக் கொடுத்துடுங்க" என்கிறார் விற்பவர். மனை வாங்குகிறவரின் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

வங்கிக்குத் தெரிவது பத்திரத்தில் உள்ள தொகை மட்டுமே. அதில் 75 சதவீதம் கொடுத்தால் கடன் 10 லட்சத்து 80 ஆயிரம். மிச்சம் 19 லட்சத்து 20 ஆயிரத்தைக் கையிலிருந்து புரட்ட வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் தனி. இதே 30 லட்சத்துக்கு, முழுத் தொகையும் கணக்கில் காட்டப்பட்ட அடுக்குமாடி வீடு என்றால், ரிசர்வ் வங்கியின் வரம்புப்படி 27 லட்சம் வரை கடன் தர முடியும். அந்த ரொக்கப் பேச்சுக்குச் சம்மதிக்கவே கூடாது. நிலத்துக்காக 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

முழு விலையையும் பத்திரத்தில் எழுதினாலும் வங்கியின் தயக்கம் தீர்வதில்லை. குடியிருக்கும் வீட்டுக்கான தவணையை எந்தக் குடும்பமும் எளிதில் விடாது. பணம் தட்டும்போது முதலில் நிற்பது காலி மனையின் தவணைதான். மனையிலிருந்து வாடகை வராது. வாங்கியவரோ வேறொரு வீட்டுக்கு வாடகை கட்டிக்கொண்டிருப்பார். ஆளில்லாத இடத்தில் பக்கத்து மனைக்காரர் கல்லை நகர்த்தி நடுவதும், ஒரே மனை இருவருக்கு விற்கப்படுவதும் நம் ஊரில் புதிதல்ல.

கடன் வாராமல் போனால் நீதிமன்றம் போகாமலே சொத்தை ஏலம் விட, 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் வங்கிக்கு வழி தருகிறது. ஆனால் விவசாய நிலம் அந்தச் சட்டத்துக்குள் வராது. அதனால்தான் வங்கியின் வழக்கறிஞர் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பதோடு, சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அங்கீகார எண்ணையும் கேட்கிறார். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்ற மனைகள் பல இந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, அப்படி வாங்கியவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. மனை வாங்கக் கடன் கொடுத்தால், அதில் வீடு கட்டப்போவதாக வாங்குபவரிடம் உறுதிமொழி பெற வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி; எவ்வளவு காலத்துக்குள் என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். விலை ஏறட்டும் என்று மனையைச் சும்மா போட்டுவைக்க நினைப்பவருக்கு இது பொருந்தாது. உண்மையிலேயே கட்டப்போகிறவர், மனைக்கும் கட்டுமானத்துக்கும் சேர்த்து ஒரே கடனாகக் கேட்பது நல்லது. கட்டுமானத் தொகை அடித்தளம், கூரை என்று வேலை நகர நகரத்தான் கைக்கு வரும். வட்டிக்கும் அசலுக்கும் கிடைக்கும் வருமான வரிச் சலுகையும் வீடு கட்டி முடிந்த பிறகே.