பனியன் நகரம் - 14: கம்பெனி கைமாறும் நாளில் ஒட்டும் அறிவிப்பு

2024-ஆம் ஆண்டில் அவிநாசியைச் சேர்ந்த எஸ்.பி. அப்பேரல்ஸ், பண்ணாரி அம்மன் ஸ்பின்னிங் மில்ஸ் வசம் பெரும்பான்மைப் பங்கு இருந்த யங் பிராண்ட் அப்பேரல் நிறுவனத்தை வாங்கியது. திருப்பூர் வட்டாரத்தில் இப்படிக் கம்பெனிகள் கைமாறுவது இனி அதிகரிக்கும். அந்த நாளில் டைம் பஞ்சிங் மெஷின் பக்கத்தில் ஒட்டுகிற தாளில் என்ன இருக்க வேண்டும் என்பதே இந்த வாரப் பேச்சு.

முதலில் நேரம். வாங்குவதும் விற்பதும் பங்குச் சந்தையில் பதிவான நிறுவனங்கள் என்றால், போர்டு கூட்டம் முடிந்து அரை மணி நேரத்தில், சந்தை நேரம் கடந்து முடிந்தால் மூன்று மணி நேரத்தில், முடிவைச் சந்தைக்குச் சொல்லியாக வேண்டும். அடுத்த சில நிமிடங்களில் அது வாட்ஸ்அப்பில் ஓடிவிடும். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கிற பெண் தன் கம்பெனி விலைபோனதை மேஸ்திரி வாயிலாகக் கேட்கக் கூடாது. ஆகவே தாள் முன்பே தயாராக இருக்க வேண்டும். தமிழில் மட்டும் இருந்தால் போதாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் லைனில் இருக்கிறார்கள். ஒடியாவிலும் இந்தியிலும் வாசித்துக் காட்ட ஆள் வேண்டும்.

அடுத்தது, முதலாளி யார் என்பது. கம்பெனியின் பங்குகள் மட்டும் கைமாறினால் தொழிலாளிக்கு வேலை கொடுத்த நிறுவனம் அதுவேதான், சர்வீஸ், பி.எஃப். எதுவும் அசையாது. யூனிட்டையே இன்னொரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தால் கதை வேறு. சர்வீஸ் அறுபடாமல், சம்பளமும் சலுகைகளும் குறையாமல், பழைய வருடங்களுக்கும் சேர்த்துப் பொறுப்பேற்றுப் புது நிர்வாகம் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஓராண்டாவது தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு ஆட்குறைப்பு நட்டஈடு தர வேண்டும். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது.

'சர்வீஸ் அறுபடாமல்' என்ற இரண்டு வார்த்தையில்தான் பணம் இருக்கிறது. கணக்குக்காக ஒரு டெய்லரை எடுத்துக்கொள்வோம். பழைய கம்பெனியில் நான்கு வருடம், புதியதில் மூன்று வருடம் வேலை பார்த்து நின்றுகொள்கிறார். கடைசிச் சம்பளம் மாதம் 13,000 ரூபாய். கிராஜுவிட்டி வருடத்துக்கு 15 நாள் சம்பளம். மாதத்தை 26 நாளாக வகுத்தால் 7,500 ரூபாய் வருகிறது. சர்வீஸ் தொடர்ச்சியாக இருந்தால் ஏழு வருடத்துக்கு 52,500 ரூபாய். இடையில் 'கணக்கு முடித்து' புதிதாகச் சேர்த்ததாகக் காட்டிவிட்டால், நான்கும் ஐந்துக்குக் கீழே, மூன்றும் ஐந்துக்குக் கீழே. நிரந்தரத் தொழிலாளிக்கு ஐந்து வருடம் நிறைய வேண்டும் என்பதால் ஒரு ரூபாயும் கிடைக்காது. வேலை போகவில்லை, சம்பளமும் குறையவில்லை. ஆனால் அரை லட்சம் போய்விட்டது.

இதனால்தான் 'யாரும் பயப்பட வேண்டாம்' என்ற வரியை நான் ஏற்பதில்லை. அதற்குப் பதில் தாள் இப்படிப் பேசட்டும்: "வரும் 1-ஆம் தேதி முதல் நம் யூனிட் புது நிர்வாகத்தின் கீழ் வருகிறது. நீங்கள் சேர்ந்த தேதி, சம்பளம், பீஸ் ரேட், ஷிப்ட் எதுவும் குறையாது. பழைய வருடங்களுக்கான கிராஜுவிட்டிக்குப் புது நிர்வாகமே பொறுப்பு. பி.எஃப். யு.ஏ.என். எண் மாறாது. யாரும் ராஜினாமா எழுதித் தர வேண்டியதில்லை."

மாற்றங்களையும் அதே தாளில் சொல்ல வேண்டும். இரண்டு கம்பெனி ஒன்றானால் தையல் லைனுக்கு ஆபத்து குறைவு. ஆர்டர் இருக்கும்வரை டெய்லர் வேண்டும், திருப்பூரில் டெய்லர் கிடைப்பதே பாடு. இரட்டிப்பாவது அக்கவுண்ட்ஸ், மெர்ச்சண்டைசிங், சாம்பிள், பர்சேஸ் பிரிவுகள். அங்கே இருப்பவர்களுக்கு இது தெரியும். "வேலை உறுதி" என்று எல்லோருக்கும் பொதுவாக எழுதினால், அவர்கள் நம்ப மாட்டார்கள். அவர்கள் நம்பவில்லை என்பதைப் பார்த்து லைனும் நம்பாது. "இந்த நான்கு பிரிவுகளில் என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்வோம். அதுவரை யாரையும் நிறுத்த மாட்டோம்" என்று எழுதலாம். சொன்ன தேதியில் சொல்லவும் வேண்டும்.

கான்ட்ராக்டர் வழியாக வந்தவர்களைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். அவர்களுக்குப் பதிவேட்டில் முதலாளி கான்ட்ராக்டர்தான் என்பதால், மேலே சொன்ன உறுதி எதுவும் தானாக அவர்களுக்குப் பொருந்தாது. பல யூனிட்டுகளில் செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் நிற்பவர்கள் அவர்கள்தான். கான்ட்ராக்ட் தொடருமா, எதுவரை என்று எழுதாத தாள் பாதித் தாள்தான்.

இதைப் படிக்கிற தொழிலாளர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பெனி கைமாறும்போது ராஜினாமா கடிதமோ, கணக்கு முடித்த ரசீதோ கொடுத்துக் கையெழுத்து கேட்டால் உடனே போட்டுவிடாதீர்கள். பழைய சேர்ந்த தேதியைக் குறிப்பிட்டு 'சர்வீஸ் தொடர்ச்சி' என்று எழுதிய கடிதத்தை முதலில் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் உங்கள் சங்கத்திடமோ தொழிலாளர் துறை அலுவலகத்திலோ அந்தத் தாளைக் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

(தொடரும்)