தொடர்பு உண்டு, ஏற்க இடமுண்டா?

ஒரு சாட்சியம் வழக்குக்குத் தொடர்புடையது என்பதாலேயே அதை நீதிமன்றம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. தொடர்புடைமை வேறு, ஏற்புடைமை வேறு என்று உச்ச நீதிமன்றம் 1998இல் ராம் பிகாரி யாதவ் வழக்கில் தெளிவுபடுத்தியது.

சட்டம் படிக்கத் தொடங்குபவர் எந்தச் சாட்சியத்தையும் மூன்று கேள்விகளால் சோதிக்கலாம். இது எதை நிரூபிக்க முன்வைக்கப்படுகிறது? அந்தச் சங்கதி வழக்குக்குத் தொடர்புடையது என்று சொல்லச் சட்டப் பிரிவு இருக்கிறதா? அப்படி இருந்தாலும், அதைத் தடுக்கும் விதி ஏதும் உண்டா? கேள்விகளை இதே வரிசையில்தான் கேட்க வேண்டும். நோக்கம் தெரியாமல் தொடர்பைப் பற்றிப் பேச முடியாது.

ஒரு கொலை வழக்கை எடுத்துக்கொள்வோம். கைதானவர் காவல் ஆய்வாளரிடம், "நான்தான் குத்தினேன். குத்திய கத்தியை மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகி வைத்திருக்கிறேன், எடுத்துத் தருகிறேன்" என்கிறார். அவர் காட்டிய இடத்தில் கத்தியும் கிடைக்கிறது. குற்றம் செய்தவர் யார் என்பதற்கு இதைவிட நேரடித் தொடர்புள்ள பேச்சு இருக்க முடியாது. ஆனால், போலீசாரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக்கூடாது என்கிறது 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 23ஆம் பிரிவு. அடித்தும் மிரட்டியும் வாங்கப்படும் வாக்குமூலங்கள் மீதான அச்சமே இந்தத் தடைக்குக் காரணம். 1872ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இது இருந்தது.

அதே பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு சங்கதி கண்டுபிடிக்கப்பட்டால், அதற்கு நேரடியாக வழிவகுத்த பகுதியை மட்டும் ஏற்கலாம். ஆகவே, கத்தி இருக்கும் இடத்தைச் சொன்ன பகுதி உள்ளே வரும். "நான்தான் குத்தினேன்" என்பதும் "குத்திய" என்ற சொல்லும் வெளியே நிற்கும். இந்த எல்லையைப் பிரிவி கவுன்சில் புலுகுரி கோட்டய்யா வழக்கில் வகுத்தது. அந்தக் கத்திதான் கொலைக்குப் பயன்பட்டது என்பதை ரத்தப் பரிசோதனை போன்ற வேறு சாட்சியத்தால் அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டும்.

நடைமுறையில் தவறு நேர்வதும் இங்கேதான். வாக்குமூலம் முழுவதையும் அப்படியே குறியீடு செய்துவிட்டால், படிக்கக்கூடாத வரிகளும் நீதிபதியின் கண்ணில் படும். "ஏற்கத்தக்க பகுதி" என்று தனியே பிரித்துக் குறியீடு செய்வதே முறை. எதிர்த் தரப்பு வழக்கறிஞர் ஆட்சேபிக்க வேண்டிய தருணமும் அதுதான்.

ஏற்றுக்கொள்ளப்பட்ட சாட்சியம் நம்பப்பட்டாக வேண்டும் என்பதும் இல்லை. அந்தக் கொட்டகை யாரும் வந்துபோகும் திறந்த இடமாக இருந்தால், கத்தியை மீட்டதன் மதிப்பு வெகுவாகக் குறையும். அதை நீதிபதி தீர்ப்பின்போது எடைபோடுவார்.