எக்செலில் kg, km: எண் எண்ணாகவே இருக்க, அலகு மட்டும் தெரிய

விரிதாளில் ஒரு செல்லுக்குள் 25 என்று தட்டினால் எக்செல் அதை எண்ணாக வைத்துக்கொள்கிறது. 25 kg என்று தட்டினால் அது வெறும் எழுத்துத் தொடராகிவிடுகிறது. பார்ப்பவருக்கு இரண்டும் எடையாகத் தோன்றினாலும், இரண்டாவதை எக்செல் கூட்டாது, பெருக்காது, அளவின்படி வரிசைப்படுத்தவும் செய்யாது. செல்லில் எண்ணை மட்டும் வைத்துவிட்டு, அலகைத் திரையில் மட்டும் சேர்த்துக் காட்டுவதற்கு ஒரு வசதி இருக்கிறது. அதற்கு Custom number format என்று பெயர். சரக்குக் கணக்கு, வண்டி ஓடிய தூரம், ஆய்வகக் குறிப்பு என அலகோடு எண் வரும் எல்லாக் கணக்கிலும் இது பயன்படும்.

அலகைச் சேர்த்துத் தட்டுவதால் என்ன கெடுகிறது என்பதை ஒரு காய்கறி மொத்தக் கடையின் கொள்முதல் பட்டியலில் பார்க்கலாம். B2 முதல் B6 வரை ஐந்து எடைகள்: தக்காளி 25, வெங்காயம் 50, உருளைக்கிழங்கு 37.5, கேரட் 9.25, பூண்டு 4.5. ஐந்தும் எண்களாக இருந்தால் =SUM(B2:B6) என்ற ஃபார்முலா 126.25 என்று விடை தரும். உருளைக்கிழங்கு இருக்கும் B4-இல் மட்டும் யாரோ 37.5 kg என்று தட்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். இப்போது விடை 88.75. பிழைச் செய்தி ஏதும் வராது. SUM தன் வரம்புக்குள் இருக்கும் எழுத்தைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் கூட்டிக் கொடுத்துவிடும். அந்தச் செல்லை விலையோடு பெருக்கும் =B4*C4 என்ற ஃபார்முலாவோ #VALUE! என்று கத்தும். கத்துகிற பிழை நல்லது, உடனே தெரிந்துவிடும். பேசாமல் 37.5 கிலோவை விழுங்கும் கூட்டல்தான் ஆபத்தானது.

ஐந்து செல்லுமே எழுத்தாக இருந்தால் வரிசைப்படுத்துவதும் குலையும். சிறியதிலிருந்து பெரியதற்கு அடுக்கச் சொன்னால் 25, 37.5, 4.5, 50, 9.25 என்று வரும். எக்செல் அங்கே அளவைப் பார்ப்பதில்லை. அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல முதல் எழுத்திலிருந்து ஒப்பிட்டு அடுக்குகிறது.

சரியான வழி இது. செல்களில் எண்ணை மட்டும் தட்ட வேண்டும். பிறகு B2 முதல் B6 வரை தேர்ந்தெடுத்து Ctrl+1 அழுத்தினால் Format Cells என்ற பெட்டி திறக்கும். அதில் Number என்ற பக்கத்தில், இடப்புறப் பட்டியலின் கடைசியில் Custom இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து, Type என்ற கட்டத்தில் இருப்பதை அழித்துவிட்டு இதைத் தட்ட வேண்டும்:

```
0.00 "kg"
```

OK கொடுத்ததும் 25 என்பது 25.00 kg என்றும், 9.25 என்பது 9.25 kg என்றும் தெரியும். செல்லைத் தொட்டுவிட்டு மேலே ஃபார்முலா பட்டையைப் பார்த்தால் அங்கே 25 மட்டும்தான் இருக்கும். எக்செல் கணக்குக்கு எடுத்துக்கொள்வது அந்த 25-ஐத்தான். கூகுள் ஷீட்ஸில் இதே குறியீட்டை Format, Number, Custom number format என்ற வழியில் போய்க் கொடுக்கலாம்.

குறியீட்டில் உள்ள 0 ஓர் இலக்கத்துக்கான இடம். அங்கே இலக்கம் இல்லாவிட்டாலும் சுழியைக் காட்டச் சொல்கிறது. # என்பதும் இலக்கத்துக்கான இடம்தான். ஆனால் தேவையில்லாத சுழியைக் காட்டாது. 25.00 என்று வருவது பிடிக்காமல் 0.## "kg" என்று எழுதுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் 25 என்பது 25. kg என்று புள்ளி தொங்கிக்கொண்டு நிற்கும். சுழிகள் மறைந்தாலும் புள்ளி மறையாது. தட்டிய எண்ணை அப்படியே காட்டி அலகை மட்டும் சேர்க்க எக்செலில் General "kg" என்று எழுதுவது மேல்.

அலகை இரட்டை மேற்கோளுக்குள் போடுவது அலங்காரத்துக்காக அல்ல. ஃபார்மட் குறியீட்டில் சில எழுத்துகளுக்கு எக்செல் முன்பே பொருள் வைத்திருக்கிறது: d நாள், m மாதம் அல்லது நிமிடம், y ஆண்டு, h மணி, s விநாடி. km-இல் உள்ள m மேற்கோள் இல்லாமல் இருந்தால் தேதிக்கான குறியாகப் படிக்கப்படும். எண்ணுக்கான 0-வும் தேதிக்கான m-உம் ஒரே குறியீட்டில் சேராது. எந்த எழுத்துக்கு மேற்கோள் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று நினைவில் வைப்பதைவிட, எல்லா அலகுக்கும் மேற்கோள் போட்டுவிடுவது நல்ல பழக்கம். மேற்கோளுக்குள் தமிழும் ஏற்கப்படும். 0.00 "கிலோ" என்று எழுதினால் 25.00 கிலோ என்று தெரியும்.

அரைப்புள்ளி போட்டு ஒரே குறியீட்டைப் பகுதிகளாகப் பிரிக்கலாம். முதல் பகுதி மிகை எண்ணுக்கு, இரண்டாவது குறை எண்ணுக்கு, மூன்றாவது சுழிக்கு. இருப்புக் கணக்கில் கூடுதல் குறைவைக் காட்ட இது உதவும்:

```
+0.00 "kg";-0.00 "kg";"சரி"
```

இதில் ஒரு பொறி உண்டு. குறியீடு ஒரே பகுதியாக இருக்கும்போது குறை எண்ணுக்கு எக்செல் தானே கழித்தல் குறி போட்டுக்கொள்ளும். இரண்டாவது பகுதியை எழுதிவிட்டால் அந்தப் பொறுப்பு எழுதுபவருடையது. அங்கே கழித்தல் குறி விடுபட்டால் மூன்று கிலோ குறைந்தது, மூன்று கிலோ இருப்பதுபோலத் தெரியும்.

எடை கிராமில் பதிவாகும் இடங்களில் இந்த வசதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. கடைசி இலக்கக் குறியை ஒட்டி, இடைவெளி விடாமல் ஒரு காற்புள்ளி வைத்தால் எண் ஆயிரத்தால் வகுக்கப்பட்டுத் தெரியும். சதுர அடைப்புக்குள் நிபந்தனையும் வைக்கலாம். இரண்டையும் சேர்த்தால்:

```
[<1000]0 "g";0.00, "kg"
```

750 என்று பதிந்தால் 750 g, 12500 என்று பதிந்தால் 12.50 kg. மீட்டரில் பதிந்து கிலோமீட்டராகக் காட்டவும் இதே முறை பொருந்தும், அங்கும் இடைவெளி ஆயிரம்தான் என்பதால். கிலோவைப் பவுண்டாகவோ கிலோமீட்டரை மைலாகவோ காட்ட இதனால் முடியாது. அதற்கு வேறொரு செல்லில் =CONVERT(B2,"kg","lbm") போன்ற ஃபார்முலா போட்டு எண்ணையே மாற்ற வேண்டும்.

திரையில் தெரியும் அலகைப் பற்றி எக்செலுக்கு எதுவும் தெரியாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 12.50 kg என்று தெரியும் செல்லுக்குள் இருப்பது 12500. கிலோ 40 ரூபாய் என்று அதைப் பெருக்கினால் விடை 500 ரூபாய் அல்ல, 5,00,000 ரூபாய். பெருக்கும் இடத்தில் =B2/1000*C2 என்று எழுதினால்தான் கணக்கு சரியாகும். அதேபோல, கிலோவில் பதிந்த நெடுவரிசைக்கு யாரேனும் ஃபார்மட்டை "g" என்று மாற்றினால் 25 கிலோ தக்காளி அந்த நொடியே 25 கிராம் ஆகிவிடும். எண் மாறவில்லை, பெயர்ப்பலகைதான் மாறியது. ஒரு நெடுவரிசையில் ஒரே அலகுதான் என்ற ஒழுங்கைக் கணக்கு எழுதுபவர்தான் காக்க வேண்டும், ஃபார்மட் காக்காது.

ஃபார்மட் போட்ட பிறகும் பழைய தவறு திரும்ப வரலாம். திரையில் kg தெரிவதால், அடுத்து எழுதுபவர் தாமும் 37.5 kg என்று தட்டிவிடுவார். எக்செல் அதை எழுத்தாக ஏற்றுக்கொள்ளும். அதற்கு முந்தைய வரிசைகளோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் எளிதில் தெரியாது. கண்டுபிடிக்க இரண்டு அடையாளங்கள் உண்டு. தனியாக மாற்றாதவரை எண் செல்லின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். =COUNT(B2:B6) எண்களை மட்டும் எண்ணும், =COUNTA(B2:B6) காலியாக இல்லாத எல்லாச் செல்லையும் எண்ணும். மேலே சொன்ன பட்டியலில் முதலாவது 4 என்றும் இரண்டாவது 5 என்றும் வந்தால், ஒரு செல்லில் எழுத்து ஒளிந்திருக்கிறது. வராமலே தடுக்க Data Validation-இல் Decimal என்று வரம்பு வைக்கலாம். எழுத்து கலந்து தட்டினால் எக்செல் மறுத்துவிடும். வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது மட்டும் இந்தக் காவல் வேலை செய்யாது.

ஏற்கெனவே நூற்றுக்கணக்கான வரிசைகள் எழுத்தாகிவிட்டிருந்தால், அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து Ctrl+H அழுத்தி, Find what என்ற இடத்தில் இடைவெளியோடு kg என்று கொடுத்து, Replace with-ஐக் காலியாக விட்டு Replace All கொடுக்கலாம். அலகு போனதும் மிஞ்சுவதை எக்செல் எண்ணாக எடுத்துக்கொள்ளும். செல்லுக்கு Text ஃபார்மட் இருந்தால் அப்படி எடுக்காது, ஆகவே முதலில் அதை General ஆக்கிவிட வேண்டும். மூலப் பட்டியலைத் தொடக் கூடாது என்றால் பக்கத்து நெடுவரிசையில் இந்த ஃபார்முலா போதும்:

```
=VALUE(SUBSTITUTE(B2," kg",""))
```

எண்ணை ஒரு வாக்கியத்துக்குள் கொண்டுவரும்போது அலகு கூட வராது. ="மொத்தம் "&B7 என்று எழுதினால் மொத்தம் 126.25 என்று மட்டும் கிடைக்கும். அங்கே kg-ஐயும் எழுதிச் சேர்க்க வேண்டும்: ="மொத்தம் "&B7&" kg".

கோப்பை CSV ஆகச் சேமிக்கும்போது நடப்பது இதற்கு நேர்மாறு. எக்செல் செல்லின் உள்ளே இருப்பதை விட்டுவிட்டு, திரையில் தெரிவதையே எழுதுகிறது. கோப்பில் 25.00 kg என்று போய்விடும். அதைத் திறக்கும் பில்லிங் மென்பொருளுக்கோ இன்னொரு எக்செலுக்கோ அது எழுத்துதான். 37.456 என்று இருந்த எடையும் 37.46 kg என்று சுருங்கிப் போகும். வெளி மென்பொருளுக்கு அனுப்ப வேண்டிய பட்டியலில் இந்த ஃபார்மட்டை எடுத்துவிட்டு General ஆக்கி, அலகை நெடுவரிசையின் தலைப்பில் "எடை, கிலோவில்" என்று எழுதுவதே சரி. அச்சிட்டுக் கொடுக்கும் பட்டியலுக்கும், திரையில் பார்த்துப் பேசும் கணக்குக்கும் kg எண்ணோடு சேர்ந்தே தெரியட்டும்.