அறுபடாத எண்ணெய்த் தாரை

விளம்பரப் படத்தில் எண்ணெய் நூல் பிடித்தாற்போல் வாணலியில் இறங்குகிறது. வீட்டில் புட்டியைச் சாய்த்தாலோ 'குபுக் குபுக்' என்று விட்டுவிட்டு விழுகிறது. வெளியேறும் எண்ணெயின் இடத்தை நிரப்பக் காற்றும் அதே வாய் வழியாக நுழைவதுதான் காரணம்.

அதனால் படப்பிடிப்பில், சாய்க்கும்போது மேலே வரும் அடிப்பகுதியில், கேமராவுக்குத் தெரியாதபடி சிறு துளை போடலாம். காற்று அவ்வழியே நுழைய, தாரை சீராகும். உயரம் கூடினால் தாரை மெலிந்து துளிகளாகும். ஒரு சாண் உயரம் போதும்.

பொன்னிறத்துக்குப் பின்னாலிருந்து ஒளி வேண்டும். ஆனால் அதில் லேபிள் இருண்டுவிடும். கேமராவுக்குப் பக்கத்தில் வெள்ளை அட்டை பிடித்து, அந்த ஒளியையே லேபிள்மேல் திருப்புவார்கள். எழுத்தில் பளபளப்பு தெரிந்தால் அட்டையின் கோணத்தை மாற்றினால் போதும்.