துளையிடும் ஜிக்கும் ஒரு பக்கக் கடிதமும்

"நான் கடின உழைப்பாளி, உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் பயிற்சி பெற ஆவலாக உள்ளேன்." இன்டர்ன்ஷிப் கேட்டு வரும் கவர் லெட்டர்கள் பலவும் இப்படித்தான் தொடங்குகின்றன. இந்த வரியை எந்தக் கம்பெனிக்கும் அனுப்பலாம். அதனாலேயே படிப்பவருக்கு அதில் ஒன்றும் கிடைப்பதில்லை. உற்பத்திப் பிரிவின் பொறியாளர் கடிதத்தில் தேடுவது வேறு: கல்லூரியில் இந்தப் பிள்ளை கையால் என்ன செய்தது, அது நம் ஷாப்புக்கு எங்கே ஒட்டும்?

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவி ஒருவர், கோவையில் பம்ப் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறார். பம்ப் உறைகளில் துளையிடும் பிரிவில், ஃபிக்ஸ்சர் வடிவமைப்பிலும் வேலை நேரத்தை அளப்பதிலும் உதவ ஆள் தேவை என்கிறது விளம்பரம். இவருடைய புராஜெக்ட் ஒரு துளையிடும் ஜிக். வட்டமான இரும்புத் தகட்டில் நான்கு துளைகளை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் போட, தகட்டைப் பிடித்துக்கொண்டு ட்ரில்லுக்கு வழிகாட்டும் கருவி அது. பொருத்தம் நன்றாகவே இருக்கிறது. கடிதம் அதைச் சொல்லும் விதத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

முதல் வரைவில் அவர், "எங்கள் ஜிக் உற்பத்தி நேரத்தை 67 சதவீதம் குறைத்தது" என்று எழுதியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அனுபவமுள்ளவருக்கு இந்த எண் உடனே உறுத்தும். கணக்கு இதுதான்: முன்பு ஒரு தகட்டில் மார்க்கிங் போட 6 நிமிடம், துளையிட 4 நிமிடம். ஜிக் வந்தபின் தகட்டைப் பொருத்தி எடுக்க 2 நிமிடம், துளையிட அதே 4 நிமிடம். மார்க்கிங் வேலையில் மிச்சமானது மூன்றில் இரண்டு பங்கு, உண்மைதான். ஆனால் மொத்த நேரம் 10 நிமிடத்திலிருந்து 6 நிமிடமாகத்தான் இறங்கியிருக்கிறது. அது 40 சதவீதம். ட்ரில் வெட்டும் வேகத்தை ஜிக் மாற்றாது அல்லவா? 40 என்று எழுதி, எந்த வேலையில் நேரம் மிச்சமானது என்றும் ஒரு வரி சேர்த்தால், நேர அளவீடு இவருக்குப் புரிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அளவுகளிலும் இதே கதைதான். துளைகளின் இடம் 0.01 மி.மீ. துல்லியத்தில் வந்தது என்று எழுதிவிட்டு, அளந்தது வெர்னியரில் என்றால் மாட்டிக்கொள்வார்கள். சாதாரண வெர்னியர் காட்டக்கூடிய மிகச் சிறிய அளவே 0.02 மி.மீ. அனுமதிக்கும் வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கையாவது அளவுக்கருவி காட்ட வேண்டும் என்பது ஷாப்பில் பழகிய கணக்கு. "வேறுபாடு 0.2 மி.மீட்டருக்குள் இருந்தது, வெர்னியரில் பார்த்தேன்" என்பது சுமாரான முடிவாகத் தோன்றலாம். ஆனால் நம்பலாம்.

இனி இணைப்பு. "இந்த அனுபவம் உங்கள் பணிக்கு உதவும்" என்று முடிப்பது சோம்பல். கல்லூரியில் துளையிட்டது மைல்ட் ஸ்டீல். பம்ப் உறையோ பெரும்பாலும் வார்ப்பிரும்பு. ஸ்டீலில் துளையிட்டால் நீளச் சுருள்கள் வரும். அவை வெளியேற, ட்ரில்லுக்கு வழிகாட்டும் புஷ்ஷுக்கும் தகட்டுக்கும் நடுவே தாராளமாக இடம் விட வேண்டும். வார்ப்பிரும்பு நொறுங்கிப் பொடியாக வரும். குறைந்த இடைவெளி போதும். ஆனால் அந்தப் பொடி, பொருளைத் தாங்கும் மூலைகளில் தங்கிவிடும். அடுத்த உறை அதன் மேல் சற்றே சாய்ந்து உட்கார, துளை தடம் மாறிவிடும். இந்த வேறுபாட்டை யோசித்த மாணவியின் கடிதத்தில் நடுப் பத்தி இப்படி இருக்கும்:

"நால்வர் சேர்ந்து செய்த இந்தப் புராஜெக்டில் பொருளைத் தாங்கும் அமைப்பை வரைந்ததும், 30 தகடுகளை அளந்ததும் நான். ஒரு தகட்டுக்கான நேரம் 10 நிமிடத்திலிருந்து 6 நிமிடமானது. 30 தகடுகளில் புஷ் தேய்மானம் தெரியவில்லை. வார்ப்பிரும்பிலும் நாங்கள் முயன்று பார்க்கவில்லை. உங்கள் துளையிடும் பிரிவில் தாங்கும் இடங்களை எப்படிச் சுத்தமாக வைக்கிறார்கள், புஷ்ஷை எப்போது மாற்றுகிறார்கள் என்பதைக் கவனித்து, அளந்து பதிவுசெய்ய விரும்புகிறேன்."

குறையை ஏன் சொல்ல வேண்டும் என்று பெற்றோர் கேட்கலாம். தினமும் நூற்றுக்கணக்கில் துளையிடும் இடத்தில் இருப்பவருக்கு 30 தகடுகள் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பது சொல்லாமலே தெரியும். தவிர, இந்தப் பத்தியில் அந்தக் குறைதான் இன்டர்ன்ஷிப்பில் செய்யப்போகும் வேலையாக மாறியிருக்கிறது. "நான்" என்ற சொல்லும் முக்கியம். குழுவாகச் செய்த புராஜெக்டில் எல்லாவற்றையும் "நாங்கள்" என்று எழுதினால், நேர்முகத்தில் முதல் கேள்வியே "அதில் நீங்கள் செய்தது எது?" என்பதாகத்தான் இருக்கும்.

பேர், படிப்பு, வரக்கூடிய தேதிகள், நன்றி எல்லாம் நான்கைந்து வரிகளில் அடங்கிவிடும். மதிப்பெண் ரெஸ்யூமேயில் இருக்கிறது, திரும்ப எழுத வேண்டாம். கடிதத்தோடு ஜிக்கின் வரைபடம் ஒரு பக்கம் இணைத்தால் நல்லது. அதில் பொருளைத் தாங்கும் இடங்களும் புஷ்ஷின் அளவும் தெளிவாக இருக்கட்டும். கேள்விகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.